கசிந்தது நம் ரகசியம்; அபராதம் கஜானாவுக்கா?

2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள் டெலிகிராம் செயலியில் கேட்டவருக்கெல்லாம் கிடைப்பதை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அம்பலப்படுத்தியது. பெயர், முகவரி, கைப்பேசி எண் மட்டுமல்ல. மருத்துவப் பரிசோதனை முடிவுகளும் அதில் இருந்தன. 3.1 கோடிப் பேரின் விவரம் தன்னிடம் இருப்பதாக ஊடுருவிய ஆசாமி சொன்னார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், டெலிகிராமுக்கும் அந்த ஆசாமிக்கும் எதிராக இடைக்காலத் தடை வாங்கியது. சைபர் தாக்குதலுக்குத் தான் இலக்கானதை அக்டோபரில் உறுதிசெய்தது. நிறுவனம் நீதிமன்றம் போயிற்று. பாலிசிதாரர் எங்கே போவது?

ராசிபுரத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவரின் விவரமும் இப்படி ஏதோ ஒரு நிறுவனத்திலிருந்து கசிந்ததாக வைத்துக்கொள்வோம். ஒருநாள் அழைப்பு வருகிறது. பேசுபவருக்கு அவருடைய பாலிசி எண் தெரிகிறது. சர்க்கரை நோய்க்கு எந்த ஆண்டு சிகிச்சை எடுத்தார் என்பதும் தெரிகிறது. நம்பி, "புதுப்பிப்புத் தொகை" என்று 40,000 ரூபாய் அனுப்பிவிடுகிறார். உடனே 1930-ஐ அழைத்தால் பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்புண்டு. ஆனால் அது மோசடிக்காரனைத் துரத்தும் வழி. விவரத்தைக் காக்கத் தவறிய நிறுவனத்திடம் இழப்பீடு கேட்பது வேறு வழி.

அதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு இருக்கிறது. உரிய பாதுகாப்பு வைக்காமல் அலட்சியமாக இருந்து, அதனால் ஒருவருக்கு இழப்பு நேர்ந்தால் நிறுவனம் ஈடு தர வேண்டும். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை விசாரிப்பவர் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர். இதில் இரண்டு முட்டுக்கட்டைகள். மருத்துவ விவரம், வங்கி விவரம், கடவுச்சொல் போன்றவையே இந்தப் பிரிவில் அடங்கும். வெறும் முகவரியும் கைப்பேசி எண்ணும் அடங்கா. அந்த 40,000 ரூபாய் போனதற்கும் கசிவுக்கும் உள்ள தொடர்பை நிரூபிப்பதும் பண்ணையாளரின் தலையில் விழுகிறது.

இந்த அதிகாரி முன் வென்றவர் இல்லாமல் இல்லை. தூத்துக்குடியில் வங்கிக் கணக்கு வைத்திருந்த ஒருவர் போலி மின்னஞ்சலால் 2007-இல் பணம் இழந்தார். அவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தரும்படி 2010 ஏப்ரலில் ஐசிஐசிஐ வங்கிக்குத் தமிழக அதிகாரி உத்தரவிட்டார். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதிசெய்ததோ 2019-இல்தான். வழி திறந்திருந்தது, நடந்து முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

இப்போது அந்த வழியும் அடைபடப் போகிறது. 2023-ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2027 மே மாதம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது 43ஏ பிரிவு நீங்கிவிடும். புதிய சட்டத்தில் நல்லது இல்லாமலில்லை. கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் அந்த அபராதம் முழுவதும் இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. பண்ணையாளருக்கு ஒரு ரூபாய்கூட வராது. பொய்யான புகார் கொடுத்தால் அவருக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதை மட்டும் சட்டம் மறக்கவில்லை.

எஞ்சியிருப்பது நுகர்வோர் ஆணையம். நம்பிக் கொடுத்த தனிப்பட்ட விவரத்தைப் பிறருக்கு வெளிப்படுத்துவதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். நிறுவனமே கொடுக்கவில்லை, திருடப்பட்டது என்றால் சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், ராசிபுரத்துக்காரர் நாமக்கல்லிலும் ஆத்தூர்க்காரர் சேலத்திலும் வழக்குப் போடலாம். செலுத்திய பிரீமியம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன், "என் விவரம் கசிந்ததா? எவையெவை?" என்று நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு விரைவுத் தபாலில் எழுதிக் கேட்பது நல்லது. ஒரு மாதத்துக்குள் அவர் தீர்வு சொல்ல வேண்டும் என்பது இன்றைய விதி. பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கடிதம் சாட்சியாக நிற்கும்.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 2027 மே மாதத்துக்கு முன் புதிய சட்டத்தைத் திருத்தி, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்கும் அதிகாரத்தை, அபராதம் விதிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குத் தர வேண்டும். கசிவுக்கும் இழப்புக்கும் தொடர்பில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை, பதிவேடுகளைக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்தின் மீது சுமத்த வேண்டும். இழந்தவருக்கு ஈடு கொடுத்த பிறகு அரசு தன் அபராதத்தை வாங்கிக்கொள்ளட்டும்.