வாய் எவ்வளவு திறக்கிறது?

மும்பையில் வேலை பார்க்கும் நம்மவர் ஒருவர் இரத்தச் சோகை என்றோ எடை குறைகிறது என்றோ மருத்துவமனைக்குப் போனால், உணவு ஆலோசகர் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நேற்றுக் காலை எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். நல்ல முறைதான். ஆனால் வாயில் போட்டு மென்றுவிட்டுத் துப்பியது அதில் வருவதில்லை. வாய் எவ்வளவு திறக்கிறது என்பதற்கும் பல படிவங்களில் இடமில்லை. இந்த இரண்டும் இல்லாமல் எழுதப்படும் உணவுக் கணக்கு அரைக் கணக்கே.

உதாரணமாக, பட்டறைத் தொழிலாளி ஒருவரை எண்ணிக்கொள்வோம். வயது 34. காலையில் தேநீரில் நனைத்த பன், பகலில் தயிர் விட்டுக் குழைத்த சோறு, இரவில் சர்க்கரை தொட்டு மூன்று இட்லி. சப்பாத்தி, கீரை, கடலை, பழம் எதுவும் இல்லை. இதைப் பார்த்த ஆலோசகர், "சப்பாத்தியும் முளைகட்டிய பயறும் சாப்பிடுங்கள், கீரை, நிலக்கடலை சேருங்கள்" என்று எழுதிக் கொடுக்கிறார். அந்த மனிதர் தலையாட்டிவிட்டு வருகிறார். அடுத்த மாதமும் அதே எடைதான். சொன்னதைக் கேட்காதவர் என்று குறிப்பு ஏறுகிறது!

உண்மை என்ன? அவர் பத்து ஆண்டுகளாக நாளைக்கு எட்டு முறை மாவா போடுகிறார். பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு மூன்றையும் தேய்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது. பாக்கின் சாறு நாளடைவில் கன்னத்தின் உட்புறத்தைத் தழும்புபோல் இறுகச் செய்கிறது. ஓரல் சப்மியூகஸ் பைப்ரோசிஸ் என்பது அதன் பெயர். முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு கன்னத்தில் பட்டைபட்டையாக நார் ஓடும். பிறகு வாய் சுருங்கும். அவரால் வடா பாவைக் கடிக்க முடியாமல் போய் இரண்டாண்டு ஆகிறது. சட்னியை விட்டுச் சர்க்கரைக்கு மாறியது ருசிக்காக அல்ல.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அவரவர் கையின் மூன்று விரல்களைச் செங்குத்தாகச் சேர்த்து முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பார்க்கச் சொல்லலாம். நுழையவில்லை என்றால், பள்ளிப் பிள்ளைகளின் அளவுகோலால் மேல் முன்பல் விளிம்பிலிருந்து கீழ் முன்பல் விளிம்பு வரை அளந்து எழுத வேண்டும். பெரியவர்களுக்கு 35 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பது வழக்கம். நம் தொழிலாளிக்கு 22 தான். அந்த எண் தேதியுடன் படிவத்தில் இருந்தால்தான் அடுத்த முறை கூடிற்றா குறைந்ததா என்று சொல்ல முடியும்.

கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். "கெட்ட பழக்கம் உண்டா?" என்றால் இல்லை என்றே பதில் வரும். வெற்றிலை போடுவதை நம் வீடுகளில் யாரும் கெட்ட பழக்கமாக எண்ணுவதில்லை. விருந்து முடிந்தால் தாம்பூலம் நீட்டுகிறவர்கள் அல்லவா நாம்! பாக்கா, வெற்றிலையா, மாவாவா, பான் மசாலாவா என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். நாளைக்கு எத்தனை, எவ்வளவு நேரம் கன்னத்தில் இருக்கிறது, எந்த வயதில் தொடக்கம், பசியை அடக்கச் சாப்பாட்டுக்குப் பதிலாகப் போடுவது உண்டா என்பதும் வேண்டும். புகையிலை இல்லையே என்று பான் மசாலாவை விட்டுவிடுவது பெரும் தவறு. தழும்புக்குக் காரணம் பாக்கு. புகையிலை கலக்காத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004ல் வகைப்படுத்தியது. மகாராஷ்டிரத்தில் 2012ல் குட்காவுக்குத் தடை வந்தது. வாய்கள் அதனால் திறந்துவிடவில்லை.

இவ்வளவும் பதிவானால் ஆலோசனையே மாறும். சப்பாத்திக்குப் பதில் குழைந்த பருப்புச் சோறு, மிளகாய் போடாத கீரை மசியல், மோர் விட்ட ஆறிய கேழ்வரகுக் கஞ்சி, பாலில் அடித்த முட்டை, கடலையைப் பொடித்துக் கஞ்சியில் கலப்பது. வாய் முழுக்கத் திறக்காதவர் ஒரு வேளைக்குக் கொஞ்சமே உண்பார். ஆகவே மூன்று வேளையை ஐந்தாக்க வேண்டும். மெல்லுவதை நிறுத்தினால் இறுக்கம் மேலும் ஏறுவது தடைப்படலாம்; ஏறிய தழும்பு தானே கரைவதில்லை. எனவே பல் மருத்துவரிடமும் அனுப்ப வேண்டும். இந்தத் தழும்புள்ள வாயில் புற்று வரும் அபாயம் அதிகம்.

வாய் திறக்காததெல்லாம் பாக்கால் வந்ததும் அல்ல. கடைவாய்ப் பல் வீங்கினாலும் தாடை மூட்டு பிடித்தாலும் அப்படி ஆகும். அது பெரும்பாலும் வலியோடு சில நாட்களில் வரும். பாக்குத் தழும்போ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல இறுகும். எப்போதிலிருந்து என்ற கேள்வியையும் சேர்த்துக்கொண்டால், படிவத்தில் கூடுவது நான்கு வரிகள்தாம்.