நன்றி சொன்னால் போதுமா? சிற்றேட்டுப் படமும் அனுமதிக் கடிதமும்

பிறர் எழுத்தை எடுத்தாளும் நெறி ஆய்வுலகில் அனைவரும் அறிந்தது. மேற்கோள் குறியிட்டு, ஆசிரியர் பெயர், நூல், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைத் தந்துவிட்டால் கடமை நிறைவேறியது. அதற்காக எவரும் ஆசிரியருக்குக் கடிதம் எழுதி இசைவு பெறுவதில்லை. ஒளிப்படம் என்று வரும்போதும் இதே பழக்கம் தொடர்வதுதான் சிக்கல். மாநாட்டுச் சிற்றேட்டின் அட்டைக்கு இணையத்திலிருந்து ஒரு படம் எடுக்கப்படுகிறது. மூலையில் சிறிய எழுத்தில் ‘நன்றி’ என்று ஒரு பெயர் இடம்பெறுகிறது. பொறுப்பு தீர்ந்தது என்று துறை கருதிவிடுகிறது. ஆனால் மேற்கோள் என்பது ஒரு முழுமையின் சிறு பகுதி. ஒளிப்படமோ முழுமையாகவே எடுத்தாளப்படுகிறது. முந்நூறு பக்க நூல் ஒன்றை அப்படியே அச்சிட்டு, அட்டையில் ஆசிரியர் பெயரையும் போட்டுவிட்டோம் என்று எவரும் வாதிடுவதில்லை. படத்துக்கு மட்டும் அந்த வாதம் எப்படிப் பொருந்தும்?

இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கிய வழக்கு ஒன்று செருமனியில் நடந்தது. டிர்க் ரென்க்காஃப் என்ற ஒளிப்படக் கலைஞர் எசுப்பானியாவின் கோர்தோபா நகரைப் படமெடுத்திருந்தார். அதை வெளியிட ஒரு பயண இணைய இதழுக்கு மட்டும் உரிமம் தந்திருந்தார். வால்ட்ராப் நகரப் பள்ளி மாணவர் ஒருவர் அந்தப் படத்தைத் தரவிறக்கித் தம் மொழிப்பாடப் பணியில் சேர்த்தார். பள்ளி அப்பணியைத் தன் இணையதளத்தில் ஏற்றியது. மாணவர் படத்தின் கீழ் அந்தப் பயண இதழின் பெயரையும் குறித்திருந்தார். ஆய்வு நெறிப்படி பார்த்தால் அவர்மீது குறை காண இயலாது. ஆயினும், ஓர் இணையதளத்தில் இசைவுடன் வெளியான படத்தை வேறோர் இணையதளத்தில் மீண்டும் ஏற்றுவதற்குப் படைத்தவரின் தனி இசைவு வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஆகஸ்ட் 7 அன்று தீர்ப்பளித்தது. மூலத்தைச் சுட்டியது நேர்மைக்குச் சான்றானதே அன்றி அனுமதிக்கு மாற்றாகவில்லை.

இந்தியச் சூழலில் ஆய்வாளர்கள் வழக்கமாக முன்வைக்கும் மறுமொழி, ‘இது கல்விப் பயன்பாடு’ என்பது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கற்பித்தலின் போக்கில் ஆசிரியரும் மாணவரும் படியெடுப்பதை விலக்காக ஏற்கிறது. தில்லிப் பல்கலைக்கழக ஒளிநகல் வழக்கில் 2016-இல் தில்லி உயர்நீதிமன்றம் அந்த விலக்குக்கு விரிந்த பொருளும் தந்தது. ஆனால் அவ்வழக்கின் பொருள் மாணவர் படிக்க வேண்டிய பாடத் தொகுப்பு. மாநாட்டுச் சிற்றேடு பாடம் அன்று. பங்கேற்பாளரையும் புரவலரையும் அழைக்கும் விளம்பரம். அதை வெளியிடுவது பல்கலைக்கழகம் என்பதால் மட்டும் அது கற்பித்தலாகிவிடாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதை விரித்துப் பார்க்கலாம். பெங்களூரில் ஒரு மொழியியல் துறை கல்வெட்டு மொழி குறித்து மாநாடு நடத்துவதாக வைத்துக்கொள்ளலாம். அட்டைப் படமாக, டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டு ஒன்றைக் காட்டும் ஒளிப்படம் தெரிவாகிறது. கன்னட நாட்டின் தலைநகரில் நிற்கும் தமிழ் எழுத்து என்பதால் அத்தெரிவு பொருத்தமானதே. கல்வெட்டு பல நூற்றாண்டுப் பழமையுடையது. அதன் வாசகத்துக்கு எவரும் பதிப்புரிமை கோர முடியாது. இதிலிருந்து படமும் பொதுச்சொத்து என்ற முடிவுக்குச் சிலர் தாவுகின்றனர். தேய்ந்த எழுத்து துலங்கும்படி பக்கவாட்டு ஒளி விழும் வேளைக்குக் காத்திருந்து, கோணமும் தொலைவும் தெரிந்து எடுத்தவருடைய படைப்பு அந்தப் படம். கல் பொதுவாயினும் படம் அவருடையது.

அவருடையதுதானா என்பதையும் கேட்டே அறிய வேண்டும். ஒருவர் பணம் தந்து எடுக்கச் சொன்ன ஒளிப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் தந்தவரே முதல் உரிமையாளர் என்று சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூறுகிறது. எனவே ஒரு பதிப்பகத்துக்காகவோ அறக்கட்டளைக்காகவோ எடுக்கப்பட்ட படத்துக்கு, எடுத்தவர் மனமுவந்து ‘சரி’ என்றாலும் அந்தச் சரி செல்லாமல் போகலாம்.

வழக்கமாக அனுப்பப்படும் வேண்டுகோள் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: ‘தங்கள் படத்தை எங்கள் சிற்றேட்டில் பயன்படுத்தலாமா?’ இதற்கு ‘தாராளமாக’ என்று பதில் வந்தாலும் எது அனுமதிக்கப்பட்டது என்பது இருதரப்புக்கும் தெரியாது. மேற்கண்ட மாநாட்டுக்குப் பின்வருமாறு ஒரு கடிதம் அமையலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் இணையதளத்தில் உள்ள டொம்லூர்க் கல்வெட்டு ஒளிப்படத்தை (இணைப்பு கீழே) எங்கள் துறையின் மாநாட்டுச் சிற்றேட்டு அட்டையில் ஒருமுறை பயன்படுத்தத் தங்கள் இசைவைக் கோருகிறோம். சிற்றேடு 500 படிகள் அச்சிடப்பட்டு விலையின்றி வழங்கப்படும். அதன் பிடிஎஃப் வடிவம் துறையின் இணையதளத்தில், உலகெங்கிலும் காணத்தக்க வகையில், ஓராண்டு இருக்கும், பின் நீக்கப்படும். சமூக ஊடகம், பதாகை, அடுத்த ஆண்டு மாநாடு ஆகியவற்றுக்குப் பயன்படுத்த மாட்டோம். தேவை எழுந்தால் மீண்டும் கேட்போம். படத்தின் மேற்பகுதியில் மாநாட்டுத் தலைப்பு அச்சாகும். அதைத் தவிர வெட்டுதலோ நிறமாற்றமோ இராது. அச்சுக்கு முன் அட்டையின் மாதிரியைத் தங்கள் பார்வைக்கு அனுப்புவோம். அட்டையின் உட்பக்கத்தில் ‘அட்டை ஒளிப்படம்: …’ என்று தாங்கள் விரும்பும் எழுத்துக்கூட்டலில் தங்கள் பெயர் இடம்பெறும். இதற்குத் தாங்கள் எதிர்பார்க்கும் தொகையையும், இப்படத்தின் உரிமை முழுமையாகத் தங்களுடையதே என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறோம். தங்கள் எழுத்துவழி இசைவு கிடைத்த பின்னரே படத்தைப் பயன்படுத்துவோம். உரிமம் பெறுபவர்: துறைத் தலைவர்.”

இக்கடிதத்தில் காலமும் இடமும் வெளிப்படையாகக் குறிக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. அவை குறிக்கப்படாத இடத்தைச் சட்டமே நிரப்பிவிடுகிறது. உரிமை மாற்றத்துக்கான 19-ஆம் பிரிவின் விதிகள், 30A பிரிவின் வழியாக, தக்க மாற்றங்களுடன் உரிமங்களுக்கும் பொருந்துகின்றன. காலம் சொல்லப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு சொல்லப்படாவிட்டால் இந்தியா என்றும் கொள்ளப்படும். ஒரு வார மாநாட்டுக்காகத் தலையசைத்தவர் தம்மையறியாமல் ஐந்தாண்டு உரிமம் தந்தவராகிறார். மறுபுறம், உலகம் முழுதும் திறக்கக்கூடிய பிடிஎஃப் கோப்பை ஏற்றிய துறை, இந்தியாவுக்கு மட்டும் பெற்ற உரிமத்தின் எல்லையைத் தாண்டியதாக ஆகலாம். வேறு வகையாகக் குறிக்கப்படாதவரை, ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. எனவே மாநாடு அவ்வளவு தள்ளிப்போனால் பழைய இசைவை நம்பியிருக்கலாகாது.

எழுத்துவழி என்றதும் முத்திரைத்தாள் தேவையோ என்று அஞ்ச வேண்டியதில்லை. உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே 30-ஆம் பிரிவின் தேவை; கையொப்பம் வேண்டும் என்ற சொல் 2012 திருத்தத்தில் நீக்கப்பட்டது. மின்னணுப் பதிவை எழுத்தாக ஏற்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வழிசெய்கிறது. நிபந்தனைகள் முழுவதும் அடங்கிய மின்னஞ்சலும் அதற்கு ‘இசைகிறேன்’ என்ற மறுமொழியும் போதுமானவை. தொலைபேசியில் பெற்ற ஒப்புதலோ, மறுமொழி வராத மௌனமோ போதாது. அச்சுக்கெடு நெருங்கிவிட்டது என்பது மௌனத்தை இசைவாக மாற்றும் காரணமன்று. வேறு படத்தைத் தேடும் காரணம்.

பெயர்க்குறிப்பும் வெறும் உபசாரம் அன்று. படைத்தவர் என உரிமை கொண்டாடுவதும், தம் நற்பெயருக்குக் கேடு தரும் சிதைவை எதிர்ப்பதும் 57-ஆம் பிரிவு தரும் உரிமைகள். பதிப்புரிமையையே விற்றுவிட்ட பின்னும் அவை படைத்தவரிடமே நிலைக்கின்றன. ஆதலால் பெயர் எங்கே, எந்த எழுத்துக்கூட்டலில், எந்தச் சொற்களோடு வரும் என்பதையும், படம் எந்த அளவு வெட்டப்படும் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கல்வெட்டுப் படத்தில் இது புலமை சார்ந்த சிக்கலும்கூட. வடிவமைப்பாளர் அழகுக்காக இடப்புறத்தை வெட்டினால் ஒவ்வொரு வரியின் தொடக்க எழுத்துகளும் போய்விடும். கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவர்களே அந்தச் சிற்றேட்டின் வாசகர்கள். ‘நன்றி: இணையம்’ என்ற குறிப்போ யாரையும் சுட்டுவதில்லை. அது அறியாமையின் ஒப்புதல் மட்டுமே.

கேட்டுப் பெறுவதில் துறைக்கும் ஒரு நேரடி ஆதாயம் உண்டு. ஆறு அங்குல அகலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத்தரத்தில் அச்சிட 1,800 படப்புள்ளிகள் வேண்டும். சமூக ஊடகத்திலிருந்து எடுக்கும் படம் பெரும்பாலும் அதைவிடச் சிறியது. அச்சில் எழுத்துகள் மங்கும். மூலக்கோப்பு எடுத்தவரிடமே இருக்கிறது.

இனி, தொகை. பொதுநிதியில் இயங்கும் துறையிடம் பணமில்லை என்பது பல இடங்களில் உண்மைதான். ஆனால் அதே சிற்றேட்டின் தாளுக்கும் அச்சுக்கும் உணவுக்கும் வரவுசெலவில் வரி உண்டு. படத்துக்கு மட்டும் வரி இல்லை. பணம் தர இயலாதெனில் அதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுவது மரியாதை. ‘தங்கள் பெயர் பலரைச் சென்றடையும்’ என்பதைக் கூலியாக முன்வைப்பது தவறு. பெயர் இடுவது ஏற்கெனவே கடமை. கடமையைக் கூலியாகக் கணக்கிட முடியாது.

இவ்வளவையும் செய்ய வேண்டியவர் நடைமுறையில் யார்? பெரும்பாலும் சிற்றேட்டு வேலை ஓர் ஆய்வு மாணவரின் தலையில் விழுகிறது. அவர் தம் சொந்த மின்னஞ்சலிலிருந்து தம் பெயரில் இசைவு கேட்கிறார். இசைவு அவருக்குத் தரப்பட்டதா, துறைக்கா என்பது தெளிவாவதில்லை. பூசல் எழுந்தால் கடிதம் எழுதியவர் பெயரே முன்னால் நிற்கும். துறை வெளியிடும் சிற்றேட்டுக்குத் துறைத் தலைவரே உரிமம் பெறுபவராக இருக்க வேண்டும். இசைவுக் கடிதம் துறையின் கோப்பில் இருக்க வேண்டும். இல்லையெனில் அடுத்த ஆண்டு வரும் மாணவர், பழைய சிற்றேட்டில் படம் இருந்தது என்பதையே அனுமதியாகக் கொள்வார்.

களப்பணிக்குச் செல்லும் ஆய்வாளர்களும் ஒளிப்படம் எடுப்பவர்களே. அவர்கள் எடுத்த கல்வெட்டும் ஓலைச்சுவடியும் பேச்சாளர் முகமும் நிறுவன அறிக்கைகளில் பெயரின்றி வரும்போது எழும் மனக்குறை நியாயமானது. அந்த நியாயம் கண்காட்சிக்கும் நாள்காட்டிக்கும் படமெடுத்துப் பிழைக்கும் பெங்களூர்க் கலைஞருக்கும் உரியது. அதை வழங்க ஒரு பக்கக் கடிதமும் பத்து நாள் அவகாசமும் போதும். சிற்றேட்டுக் காலஅட்டவணையில் அந்தப் பத்து நாளுக்கு இடம் ஒதுக்குவதே துறைகள் முதலில் செய்ய வேண்டியது.