பெயர் தெரியாத ஒருவருக்குப் பட்ட கடன்

சென்ற மாதம் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு கலைக்கல்லூரியின் அறநெறி மன்றத்தார் என்னைப் பேச அழைத்திருந்தனர். தேர்வில் நேர்மை என்பது தலைப்பு. மன்றச் செயலாளரான மூன்றாம் ஆண்டு மாணவி தொலைபேசியில் ஒரு நிபந்தனையும் விதித்தாள். "ஐயா, காப்பி அடித்துப் பிடிபட்டால் என்ன தண்டனை என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். எல்லாரும் படித்துவிட்டோம். அதை விட்டுவிட்டுப் பேச முடியுமா?" என்றாள். வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விதிகளைச் சொல்லியே பிழைத்தவனுக்கு இது சோதனைதான். ஒப்புக்கொண்டேன். அங்கே பேசியதை, அன்பர்களே, உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன். நம் வீட்டுப் பேரப்பிள்ளைகளும் தேர்வு எழுதுகிறவர்கள்தாமே.

அந்தப் பெண் கேட்டதில் நியாயம் இருந்தது. தண்டனையை மட்டுமே காரணமாகச் சொன்னால், அது ஒரு கணக்காகிவிடுகிறது. கண்காணிப்பாளர் எத்தனை பேர், அவர் எந்தப் பக்கம் நடக்கிறார், பிடிபட்டால் எவ்வளவு நஷ்டம், பிடிபடாவிட்டால் எவ்வளவு லாபம் என்று புத்தியுள்ள பையன் கணக்குப் போட்டுவிடுவான். சில நாட்களில் அந்தக் கணக்கின் விடை அவனுக்குச் சாதகமாகவே வரும். பொதுத்தேர்வு முறைகேடுகளைத் தடுக்க 2024-இல் மத்திய அரசு இயற்றிய சட்டம்கூட, வினாத்தாளைக் கசியவிடுகிறவர்களையும் அதை வியாபாரமாக நடத்துகிறவர்களையும்தான் சிறைக்கு அனுப்புகிறது. தேர்வு எழுதும் பிள்ளையை அந்தந்தத் தேர்வு அமைப்பின் விதிகளுக்கே விட்டுவிடுகிறது. எந்தச் சட்டமும் ஒவ்வொரு மேசைக்கும் பக்கத்தில் போய் நிற்க முடியாது.

ஆகவே, எவரும் சரிபார்க்க முடியாத ஒரு தேர்விலிருந்து தொடங்கினேன். சாந்தோக்கிய உபநிஷத்தின் நான்காம் அத்தியாயத்தில் வரும் சத்தியகாமனின் கதை அது. குருகுலத்தில் சேர விரும்பிய அந்தச் சிறுவன், தன் கோத்திரம் என்ன என்று தாய் ஜபாலையிடம் கேட்கிறான். இளமையில் பல இடங்களில் பணிவிடை செய்து அலைந்த காலத்தில் உன்னைப் பெற்றேன், உன் கோத்திரம் எனக்குத் தெரியாது, நான் ஜபாலை, நீ சத்தியகாமன், ஆகவே சத்தியகாம ஜாபாலன் என்று சொல்லிக்கொள் என்கிறாள் அவள். சிறுவன் ஹாரித்ருமத கௌதமரிடம் செல்கிறான். அவர் கேட்கும் முதல் கேள்வியே கோத்திரம்தான். இன்றைய மொழியில் சொன்னால், அதுவே நுழைவுத்தேர்வு.

பையன் ஏதாவது ஒரு கோத்திரத்தைச் சொல்லியிருக்கலாம். ஆள் அனுப்பி விசாரிக்கும் வழக்கம் அங்கே இருந்ததாகக் கதையில் இல்லை. ஆனால் அவன் தாய் சொன்னதை ஒரு சொல் விடாமல் அப்படியே சொல்கிறான். இவன் உண்மையிலிருந்து வழுவவில்லை என்பதையே தகுதியாகக் கொண்டு கௌதமர் அவனைச் சேர்த்துக்கொள்கிறார்.

இந்தப் பகுதி பலருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது பின்பகுதி. மெலிந்த நானூறு பசுக்களை அவனிடம் கொடுத்து மேய்த்துவரச் சொல்கிறார் குரு. ஆயிரமாகப் பெருகாமல் திரும்பமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். ஆண்டுகள் கடந்து ஆயிரமானபின், திரும்பும் வழியில் ஒரு காளையும் அக்கினியும் அன்னமும் நீர்ப்பறவையும் அவனுக்கு ஆளுக்கொரு பாதமாகப் பிரம்மத்தை உபதேசிக்கின்றன. ஆசிரமம் வந்ததும் அவன் முகத்தின் ஒளியைக் கண்ட குரு, உனக்கு யார் கற்பித்தார்கள் என்று கேட்கிறார். தானே தவமிருந்து கண்டுகொண்டதாகச் சொல்லியிருக்கலாம், புகழ் கிடைத்திருக்கும். மனிதரல்லாதவர்கள் கற்பித்தார்கள், ஆனால் தங்களிடமிருந்தே கேட்க விரும்புகிறேன் என்கிறான். வாசலில் முதல்நாள் சொன்ன உண்மையும் கல்வி முடிந்தபின் சொன்ன உண்மையும் ஒரே வகையானவை. எது என்னுடையது, எது என்னுடையதன்று என்று அவன் இரண்டு முறையும் பிரித்துக் காட்டினான். விடைத்தாளில் நம் பெயரையோ எண்ணையோ எழுதும்போது நாமும் அதையேதான் சொல்கிறோம், இதற்குக் கீழே உள்ளது என்னுடையது என்று.

இங்கே ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, கர்ணனும் பரசுராமரிடம் பொய் சொல்லித்தான் சேர்ந்தான். அவனைச் சேர்க்காத விதிதானே அநியாயம்? விதி அநியாயமானால் பொய் சொல்வதில் என்ன தவறு?" என்றான். நல்ல கேள்வி, என்னைச் சற்றுத் திணற வைத்தது. கர்ணன்மீது எனக்கும் இரக்கம் உண்டு. ஆனால் இருவர் முன்னும் நின்றது ஏறத்தாழ ஒரே கதவு. தன்னை அந்தணன் என்று சொல்லிக்கொண்டு கர்ணன் உள்ளே போனான். விதி இருந்தபடியே இருந்தது, அடுத்து வருகிறவனும் பொய் சொன்னால்தான் நுழைய முடியும். சத்தியகாமன் உண்மையைச் சொன்னதால் விதியைப் பற்றி யோசிக்கவேண்டிய பொறுப்பு குருவிடம் போனது, அவர் முடிவெடுத்தார். எல்லா ஆசிரியரும் கௌதமர் அல்லர் என்று அந்தப் பையன் சொன்னான். உண்மைதான் என்றேன்.

அதன்பின் என் தொழிலுக்கு வந்தேன். கணினி வராத நாட்களில் மாலைதோறும் பேரேட்டு மொத்தம் நாளேட்டோடு ஒத்துவர வேண்டும். ஒருநாள் 27 ரூபாய் வித்தியாசம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 27 ஒன்பதால் வகுபடும். அப்படி வந்தால் அனுபவமுள்ள குமாஸ்தா முதலில் இலக்கம் இடம்மாறிய பதிவைத் தேடுவார். 58 என்பதை 85 என்று எழுதியிருந்தால் வித்தியாசம் சரியாக 27. ஆக, அந்த வித்தியாசமே பிழை இருக்குமிடத்துக்கு வழிகாட்டி. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஒருவர் 27 ரூபாயை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு மொத்தத்தை ஒப்பவைத்துவிட்டால், ஏடு அழகாக இருக்கும். ஆனால் யாரோ ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் தவறு அப்படியே உட்கார்ந்திருக்கும், தேடுவதற்கான அடையாளமும் போய்விடும்.

விடைத்தாளில் வரும் பிழையும் அப்படித்தான். வகுப்பில் நாற்பது பேரில் முப்பது பேர் ஒரே கணக்கைத் தவறாகப் போட்டால், தான் நடத்தியதில் கோளாறு என்று ஆசிரியருக்குத் தெரியும், மறுபடி நடத்துவார். அந்த முப்பதில் இருபது பேர் பக்கத்துத் தாளைப் பார்த்துச் சரியாக எழுதிவிட்டால் அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். பார்த்து எழுதாமல் தவறாக எழுதிய பத்துப் பேருக்கும் அந்தப் பாடம் இனிக் கிடைக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் பிறர் கதை. கடைசியாகச் சொன்னதை அன்றுவரை எவரிடமும் நான் சொன்னதில்லை.

1986-இல் குமாஸ்தாவிலிருந்து அதிகாரியாகப் பதவி உயர்வதற்கான தேர்வை எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட வகுப்பறை. வங்கிச் சட்டத் தாளில் ஒரு கேள்வி: காசோலையை வசூலித்துத் தரும் வங்கிக்கு எந்த நிபந்தனைகளின்பேரில் சட்டப் பாதுகாப்பு உண்டு? மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 131-ஆம் பிரிவு. நல்லெண்ணத்தோடு செய்திருக்க வேண்டும், கவனக்குறைவு இருக்கக் கூடாது, காசோலை குறுக்குக் கோடிட்டதாக இருக்க வேண்டும் என்று மூன்றை எழுதிவிட்டேன். நான்காவது நினைவுக்கு வரவில்லை. முன்னால் இருந்த நண்பர் தாளைச் சற்றே தூக்கிப் படித்துக்கொண்டிருந்தார். 'தன் வாடிக்கையாளருக்காக' என்ற சொற்கள் கண்ணில் பட்டன. எழுதிவிட்டேன். இரண்டு மதிப்பெண்கள் இருக்கலாம்.

தேர்ச்சிப் பட்டியலில் என் பெயர் இருந்தது. எவரும் பிடிக்கவில்லை. எந்தச் சாபமும் பலிக்கவில்லை. அந்த நான்காவது நிபந்தனையைப் பின்னாளில் நன்றாகவே கற்றுக்கொண்டேன், அதில் ஒருநாளும் தடுமாறியதில்லை. நல்ல பெயருடன் ஓய்வு பெற்றேன். இதுதான் தண்டனையை விட்டுவிட்டுப் பேசும் பேச்சு என்று அந்த மாணவியைப் பார்த்துச் சொன்னேன்.

ஆனால் அந்த இரண்டு மதிப்பெண்கள் இல்லாமலே நான் தேறியிருப்பேனா என்பது எனக்குத் தெரியாது. மதிப்பெண்களை வெளியிடும் வழக்கம் அப்போது இல்லை. தேறியிருக்கலாம் என்றே நினைக்கிறேன், மற்றத் தாள்களை நன்றாகத்தான் எழுதியிருந்தேன். ஆயினும் அதை உறுதியாகச் சொல்லும் ஒரே சாட்சியை நானே கெடுத்துவிட்டேன். பின்னர் ஒவ்வொரு பதவி உயர்வின்போதும் வாழ்த்துச் சொல்பவர்களிடம் கைகூப்பிக்கொண்டே, அடித்தளத்தில் ஒரு கல் யாருடையதோ என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்று அதைவிடக் கனமானது. காலியிடங்கள் இத்தனைதான் என்று முன்பே முடிவு செய்யப்பட்டிருந்தன. பட்டியலின் கடைசிப் பெயருக்குக் கீழே ஒருவர் நின்றுபோயிருப்பார். என் இரண்டு மதிப்பெண்களால்தானா என்று தெரியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர் யார், எந்தக் கிளை, குடும்பம் எப்படி, எதுவும் எனக்குத் தெரியாது. வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும், வங்கியில் பத்து ஆண்டுகள் எவரும் தொடாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போய்விடும். 2014 முதல் இந்த ஏற்பாடு. போய்விட்டாலும் கடன் தீர்ந்ததாக ஆகாது. உரியவரோ வாரிசோ எத்தனை ஆண்டு கழித்து வந்து கேட்டாலும் வங்கி கொடுத்தே ஆக வேண்டும். பெயரும் முகவரியும் உள்ள கடனுக்கே இந்த ஏற்பாடு. என் கடனை எந்த நிதியில் கட்டுவது?

கூட்டம் முடிந்து தேநீர் கொடுத்தார்கள். கர்ணனைப் பற்றிக் கேட்ட பையன் அருகில் வந்து, போன பருவத்தேர்வில் ஒரு தாளில் தானும் பார்த்து எழுதியதாக மெல்லிய குரலில் சொன்னான். "போய்ச் சொல்லிவிடட்டுமா ஐயா?" என்றான். சொல் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டா என்று தெரியவில்லை. "தம்பி, எந்தப் பாடம்?" என்று மட்டும் கேட்டேன். புள்ளியியல் என்றான். "அந்தப் பாடத்தை உட்கார்ந்து படித்துவிடு. பிறகு உன் ஆசிரியரிடம் போய், எனக்கு இதில் ஒரு தேர்வு வையுங்கள் என்று கேள். ஏன் என்று அவர் கேட்பார். அப்போது என்ன சொல்வது என்பதை நீயே முடிவு செய்துகொள்" என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "நீங்கள் யாரிடமாவது சொன்னீர்களா ஐயா, வீட்டில்?" என்று கேட்டான்.

இல்லை என்றேன். அன்று மாலை வீடு திரும்பி, விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்த என் மனைவியிடம் சொன்னேன். அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "முன்னால் இருந்தவர் யார்?" என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன். அவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன.