கடல் கேட்கும் வாடகை

நம் தமிழ் விழா நாடகங்களில் அரசனும் தலைமைப் பூசாரியும் மோதிக்கொள்ளாத ஆண்டு அரிது. அண்மையில் ஒரு மாணவர் நாடகத்தின் ஒத்திகைக்குப் போயிருந்தேன். எழுதிய தம்பி ஒரு தீவையும் அதற்கு ஒரு புதிய சமயத்தையும் கற்பனை செய்திருந்தார். ஏழு தெய்வங்கள், பூசாரிகளுக்கு மஞ்சள் அங்கி, யாருக்கும் புரியாத மொழியில் மந்திரம் என்று எல்லாமே அழகாக இருந்தன. ஆனால் சண்டை எதனால் வருகிறது என்று பார்த்தால், பூசாரிக்கு அரியணை ஆசை. அவ்வளவுதான்!

"தம்பி, இந்தச் சமயத்தையே கதையிலிருந்து எடுத்துவிட்டால் சண்டை நின்றுவிடுமா?" என்று கேட்டேன். சற்று யோசித்தவர், "நிற்காதுங்க அண்ணே, பூசாரிக்குப் பதிலாகச் சேனாதிபதியைப் போட்டாலும் அதே கதைதான்" என்றார். நேர்மையான பதில். அப்படியென்றால் அந்தச் சமயம் வெறும் ஒப்பனை. மாணவனாக இருந்தபோது நானும் இதே தவற்றைச் செய்தவன்தான். அதனால் அவரைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை.

ஒரு கோட்பாடு எப்போது அரசியலாகிறது? இதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. அய்யா வைகுண்டரின் வரலாறு நமக்கு முன்னே இருக்கிறது. அய்யாவழியை யாரோ உட்கார்ந்து புனைந்த சமயம் என்று நான் சொல்ல வரவில்லை. அவரைத் திருமாலின் அவதாரமாகக் கொண்டு வணங்குவோர் இன்றும் பல இலட்சம் பேர். கதை எழுதுகிறவனின் கண்ணோடு மட்டும் அதைப் பார்க்கிறேன்.

திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மர் 1750-ல் தம் நாட்டையே அனந்தபுரத்துப் பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக்கினார். அன்றுமுதல் அங்கே மன்னர் 'பத்மநாப தாசர்'. நாட்டுக்கு உடைமையாளர் பெருமாள். மன்னர் அவருடைய ஊழியர். வரி வாங்கும் உரிமையும் தண்டிக்கும் உரிமையும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நின்றன.

இப்போது சாமித்தோப்புக்கு வாருங்கள். 1809-ல் பிறந்த அய்யா வைகுண்டர், 1833-ல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து நாராயணரின் வடிவாக வெளிப்பட்டார் என்பது அடியார்களின் நம்பிக்கை. பெருமாள் அனந்தபுரத்தை விட்டு நீங்கிவிட்டார் என்கிறது அவர்களின் வேதமான அகிலத்திரட்டு அம்மானை. இது கேட்பதற்குப் புராணக் கதைபோல இருக்கும். ஆனால் மன்னரின் காதில் இது எப்படி விழும்? முதலாளி வீட்டைக் காலி செய்துவிட்டார் என்றால், ஊழியனின் கையில் இருக்கும் சாவி யாருடையது? ஒருவரும் வாளை உருவாமலேயே அரியணை ஆட்டம் காண்கிறது. 1838-ல் சுவாதித் திருநாள் ஆட்சியில் அய்யா கைது செய்யப்பட்டுத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைக்கப்பட்டார். மறு ஆண்டு விடுதலையானார்.

அவர் வகுத்த வழிபாட்டு முறையையும் பாருங்கள். எளிய மக்கள் தலைப்பாகை கட்டக் கூடாது என்றிருந்த ஊரில், தலைப்பாகை கட்டித்தான் வணங்க வேண்டும் என்றார். சிலை இருந்த இடத்தில் கண்ணாடி வைத்தார். காணிக்கை வேண்டாம் என்றார். பரம்பரைப் பூசாரிகளுக்குப் பதிலாகப் பணிவிடை செய்வோர் வந்தார்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய வருமானத்தையோ கௌரவத்தையோ பெயர் சொல்லாமல் தொட்டது. தலைப்பாகை கட்டிய ஒருவன் தெருவில் இறங்கி நடந்தாலே போதும், அது அரசுக்கு விடுத்த சவால்தான்.

ஆகவே புதிய சமயத்தைப் புனைகிறவர் தெய்வத்துக்குப் பெயர் தேடுவதற்கு முன்னால், அந்த நாட்டில் ஆள்பவனின் உரிமை எந்த வாக்கியத்தில் தொங்குகிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். கோட்பாடு அந்த வாக்கியத்தை உரச வேண்டும் என்பது என் கருத்து.

சொல்வது எளிது, செய்து பார்த்தால்தான் தெரியும். எங்கள் தெலுக் பங்லிமா காராங் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், இது கடலோரத் தாழ்நிலம். கேரித் தீவு வரைக்கும் கரை கட்டி, வடிகால் வெட்டி, மதகு வைத்துத்தான் செம்பனை நிற்கிறது. என் மாமா தோட்டத்தில் மதகு திறந்து மூடும் வேலை பார்த்தவர். அந்த நிலத்தையே என் கற்பனைத் தீவாக்கினேன்.

அங்கே முதல் கோட்பாடு ஒன்றே ஒன்று: நிலம் கடல் கொடுத்த இரவல். ஆகவே விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கடலுக்கு வாடகை. அதை வாங்குவோர் மதகுப் பூசாரிகள். முடிசூட்டும்போது பூசாரி கடல்நீரை ஊற்றி, 'முதல் இரவலாளி' என்று அரசனை அறிவிக்கிறார். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் தன் நிலத்தைப் பார்க்க வருகிறது. அன்று மதகைத் திறப்பது தோஷம்.

பூசாரிகளுக்கு என்ன பலம்? வற்றும் நேரம் நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அந்தக் கணக்கு அவர்களுக்கு மட்டுமே தெரியும் என்று முதலில் எழுதியிருந்தேன். மாமாவிடம் படித்துக் காட்டியதும் சிரித்துவிட்டார். "தண்ணி இறங்குறது கண்ணுக்குத் தெரியாதா ஐயா? கரையில நின்னா சின்னப் பிள்ளைகூட சொல்லுமே, அதுக்கு எதுக்குப் பூசாரி?" என்றார்.

அறிவைப் பூட்டி வைப்பதாக எழுதினால், எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் அறிவாக அது இருக்கக் கூடாது. நான் அந்தப் பகுதியை அடித்துவிட்டு மதகின் சாவியைப் பூசாரியிடம் கொடுத்தேன். எல்லாருக்கும் நேரம் தெரியும், திறக்கும் உரிமைதான் இல்லை. கோபம் அங்கேதான் ஊறும்.

மாமா இன்னொன்றும் சொன்னார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் வெள்ளம் மிக உயர ஏறும்; அதே நாள்களில்தான் மிகக் கீழேயும் வற்றும். கிள்ளான் துறைமுகப் பக்கம் அப்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 4 மீட்டர் வித்தியாசம் இருக்கும். வயலில் தேங்கிய மழைநீரை வடிக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. என் சமயமோ அன்றுதான் திறக்காதே என்கிறது! அடைமழையும் அமாவாசையும் ஒரே வாரத்தில் வந்தால் போதும், நாற்று அழுகும். வில்லன் தேவையில்லை. பூசாரி மெய்யாகவே கடலுக்கு அஞ்சுகிறவராக இருக்கட்டும். அப்போதுதான் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார்.

பிறகு தோட்டத்து மதகுகளில் சில தாமே மூடிக்கொள்ளும் என்றும் சொன்னார். மேலே கீல் வைத்துத் தொங்கவிட்ட பலகை அது. வெளியே கடல்நீர் ஏறினால் தள்ளி மூடும். வற்றினால் உள்நீர் தள்ளித் திறக்கும். ஆளும் வேண்டாம், சாவியும் வேண்டாம்.

என் கதையின் மதத்துரோகி அங்கே கிடைத்துவிட்டான். ஒரு தச்சன் இரவோடிரவாகக் கீல்பலகை மாட்டுகிறான். அமாவாசையன்று மதகு தானே திறக்கிறது, வயல் வடிகிறது. மறுநாள் உழவர்கள் கேட்கிறார்கள்: "திறப்பதற்கு ஆள் வேண்டாம் என்றால் பத்தில் ஒரு பங்கு எதற்கு?" அரசனுக்கு உள்ளூர மகிழ்ச்சி, அந்தப் பங்கைத் தன் வரியாக மாற்றிக்கொள்ளலாமே. ஆனால் பூசாரி தேவையில்லை என்று அவன் வாய்திறந்து சொன்னால், தன் தலையில் ஊற்றப்பட்ட கடல்நீரும் வெறும் உப்புத் தண்ணீர்தான் என்றாகிவிடும். தச்சனைத் தூக்கில் போடவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது.

விசாரணைக் காட்சி இன்னும் முடியவில்லை. தோஷநாளில் மதகைத் திறந்தவன் சாக வேண்டும் என்பது சட்டம். திறந்தது யார் என்று மூத்த பூசாரி கேட்கிறார். தச்சன் கைகட்டி நின்று, "நான் திறக்கவில்லை சாமி, அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். கடல் விலகியது, மதகு திறந்தது" என்கிறான். அவையில் இருக்கும் இளைய பூசாரி ஒருவர், கடல் தன் கையாலேயே திறந்த மதகை மூடுவது தோஷம் ஆகாதா என்று எழுந்து கேட்கிறார். மூத்தவர் அவருக்கு என்ன பதில் சொல்வார் என்பதைத்தான் இரண்டு வாரமாக எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.