வைரஸ் எண்டு காட்டினது, வழமைதானே

திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் 2020ஆம் ஆண்டு ஒருநாள் காலையில் எனக்குப் போன் எடுத்தார். “அண்ணை, ஒரு படமும் திறக்குதில்லை. எல்லாத்துக்கும் வால் முளைச்சிருக்கு.”

போய்ப் பார்த்தேன். வால்தான். .jpg என்று முடிய வேண்டிய ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் இன்னும் நான்கெழுத்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு போல்டருக்குள்ளும் _readme.txt என்றொரு கடிதம். படங்கள் திரும்ப வேண்டுமென்றால் 980 டொலர், மூன்று நாளுக்குள் பேசினால் பாதி விலை, 490. ஆடிக்கழிவு போல. இரண்டு கல்யாணமும் ஒரு சாமத்தியவீடும் அந்தக் கணினிக்குள் கிடந்தன.

முதல்நாள் இரவு என்ன செய்தீர் என்று கேட்டேன். போட்டோஷொப்பின் புதுப் பதிப்புக்குக் கிராக் தேடியிருக்கிறார். ஒரு ஸிப் கோப்பு இறங்கியிருக்கிறது. அதற்குப் பாஸ்வேர்ட் 1234 என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருந்ததாம். ஊருக்கே தெரிய எழுதிவைத்த பாஸ்வேர்ட் எதற்கு? திருடனிடமிருந்து காப்பாற்ற அல்ல, காவல்காரனிடமிருந்து ஒளிக்க. பூட்டிய ஸிப்புக்குள் என்ன இருக்கிறதென்று பிரவுசராலோ வைரஸ்காவலாலோ பார்க்க முடியாது. பூட்டைத் திறந்ததும் காவல் விழித்துக்கொள்ளும் என்பதால் அடுத்த வரியில் இன்னொரு கட்டளை: ‘நிறுவுவதற்கு முன் டிஃபென்டரை நிறுத்தவும்.’ தம்பி நிறுத்தினார்.

“வைரஸ் எண்டு காட்டினதுதான் அண்ணை. கிராக்குக்கு எப்பவும் அப்பிடித்தானே காட்டும்.”

என்னைப் பொறுத்தவரை முழு விஷயமும் இந்த ஒரு வசனத்துக்குள் அடங்கிவிடும். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. கிராக் என்பது இன்னொரு மென்பொருளின் உள்ளே கைவைத்து, காசு கட்டியாயிற்றா என்று கேட்கும் இடத்தை வெட்டிவிடுகிற வேலை. அதற்குள் வேறு தீங்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் டிஃபென்டர் HackTool என்று கத்தும். விண்டோஸை இலவசமாக உயிர்ப்பிக்கிற கருவிக்கு HackTool:Win32/AutoKMS என்றே பெயர் வைத்திருக்கிறது. நல்ல கிராக்குக்கும் கத்தும், நஞ்சு கலந்த கிராக்குக்கும் கத்தும். கேட்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. எங்கள் ஊரில் கணினியை ஃபோர்மற் பண்ணக் கொடுத்தால், பெடியன் பென்ட்ரைவைச் செருகுமுன் முதலில் செய்வதும் டிஃபென்டரை நிறுத்துவதுதான். பிஎஸ்ஏ என்ற மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2017ஆம் ஆண்டுக்குச் சொன்ன கணக்கில், இலங்கைக் கணினிகளில் போட்ட மென்பொருளில் 77 வீதம் உரிமமில்லாதது. அந்தக் கூட்டமைப்புக்குக் கூட்டிச் சொல்ல ஒரு காரணம் இருக்கலாம். பாதி என்று வைத்தாலும், அலாரத்தை நிறுத்திப் பழகிய கைகள் எத்தனை!

தம்பியின் கணினிக்குள் வந்தது ஸ்டொப் டிஜாவு என்ற கப்பம் கேட்கும் நிரல். 2018 தொடக்கம் உலகமெங்கும் பரவிய இதற்குக் கிராக்கும் கீஜெனும்தான் பிரதான வழி. பெரிய கொம்பனிகளை அது தேடிப் போகவில்லை, வீட்டுக் கணினிகளே அதன் இரை. ஓடத் தொடங்கியதும் ‘விண்டோஸ் அப்டேற்’ போல ஒரு போலிச் சாளரத்தைக் காட்டும். தம்பியும் அதைப் பார்த்துவிட்டு, அப்டேற் முடியட்டும் என்று படுத்திருக்கிறார். அந்த இடைவெளியில் அது ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டும் பூட்டிக்கொண்டு போகும். முழுவதையும் பூட்டினால் நேரம் எடுக்கும், தலையை வெட்டினால் போதும். C:\Windows\System32\drivers\etc\hosts என்ற கோப்பிலும் எழுதி, உதவி தரக்கூடிய தளங்கள் திறக்காமல் செய்துவிடும். பல தடவைகளில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்களை அள்ளும் இன்னொரு திருடனையும் கூட்டிவரும். அதனால் முதல் வேலையாக, வேறு போனிலிருந்து அவருடைய வங்கி, மின்னஞ்சல், பேஸ்புக் பாஸ்வேர்ட்களை மாற்றவைத்தேன்.

எம்சிசொஃப்ட் என்ற நிறுவனம் 2019 ஒக்டோபரில் 148 வகை டிஜாவுக்கு இலவசத் திறப்பு வெளியிட்டது. பிறகு வந்த வகைகளுக்கு ஒரே வழிதான். பூட்டுகிற நேரத்தில் நிரலால் தன் சேர்வரோடு பேச முடியாமற் போயிருந்தால், தன்னிடமே உள்ள பொதுச்சாவியைப் பாவித்திருக்கும். அப்படியென்றால் கடிதத்திலுள்ள அடையாள எண் t1 என்று முடியும், அந்தச் சாவி என்றாவது கிடைக்கக்கூடும். தம்பியின் எண் t1 இல்லை.

கைகொடுத்தது கமரா கார்ட். ஃபோர்மற் செய்த கார்ட்டில் அழிவது பெரும்பாலும் பட்டியல்தான், மேலே வேறு எழுதும்வரை படங்கள் அப்படியே கிடக்கும். PhotoRec என்ற இலவச மென்பொருளைப் போட்டுத் தோண்டினோம். இரண்டு கல்யாணமும் வந்தன. சாமத்தியவீட்டுக் கார்ட்டில் அதற்குப் பிறகு ஒரு கோயில் திருவிழா பதிந்திருந்தது. சப்பறம்தான் வந்தது.

காசில்லாமல் என்ன செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. படத்துக்கு GIMP. போட்டோஷொப்பின் PSD கோப்பைத் திறக்கும், ஆனால் சில எஃபெக்ட்கள் சரியாக வராது என்பதால் பழைய அல்பம் டிசைன்களைக் கொஞ்சம் திருத்த வேண்டும். கை பழக ஒரு மாதம் ஆகும். பாமினி எழுத்துரு அதில் அப்படியே வேலை செய்யும். நினைவுமலர், கல்வெட்டு அடிக்கிறவர்களுக்கு ஒரு சேதி: பேஜ்மேக்கரில் செய்த பழைய கோப்புகளை லிப்ரேஒஃபிஸின் Draw திறக்கும், சிக்கலான பக்கம் என்றால் குலையும். கல்யாண வீடியோவுக்கு டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு. அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்ட் வேண்டும், இல்லாவிட்டால் இழுபடும்.

இலவசம் என்று கூகிளில் தேடி முதலில் வருவதை அமத்துவதும் ஆபத்துத்தான். 2022ஆம் ஆண்டு இறுதியில் GIMP என்று தேடியவர்களுக்கு ஒரு விளம்பரம் வந்தது. காட்டிய முகவரி gimp.org, அமத்தினால் போனது அதைப் போலச் செய்த இன்னொரு தளத்துக்கு. இறங்கிய கோப்பு ஏறத்தாழ 700 மெகாபைட். உள்ளே இருந்த திருட்டு நிரல் 5 மெகாபைட்டுக்கும் குறைவு, மிச்சமெல்லாம் வெறும் நிரப்பல். பெரிய கோப்பை வைரஸ் சோதிக்கும் தளங்கள் ஏற்காது என்பதற்காக ஊதிப் பெருக்கியது. ஆகவே விளம்பரத்தை விட்டுவிட்டு, விக்கிப்பீடியாவில் அந்த மென்பொருளின் பக்கத்துக்குப் போய், அங்குள்ள அதிகாரபூர்வத் தள இணைப்பால் போங்கள். விண்டோஸ் 10, 11 இல் தளமே தேவையில்லாத வழியும் உண்டு. டேர்மினலில் இப்படி அடித்தால் லிப்ரேஒஃபிஸ் வந்து நிறுவப்படும்:

```
winget install -e --id TheDocumentFoundation.LibreOffice
```

இந்த வழியில் போடும்போது டிஃபென்டரை நிறுத்தச் சொல்லி ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

சாமத்தியவீட்டுப் போல்டர் இன்னும் பூட்டியபடி ஒரு வெளி டிஸ்க்கில் இருக்கிறது. அழிக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கும்பலின் சேர்வர் என்றைக்காவது பிடிபட்டால் சாவி வெளியே வரலாம். உங்களிடமும் இப்படி வால் முளைத்த படங்கள் கிடந்தால், _readme.txt கடிதத்தையும் சேர்த்து எடுத்து வையுங்கள். எந்தச் சாவி என்று சொல்லும் எண் அதில்தான் இருக்கிறது.