வாரத்தில் ஒரு நாள்

தேவிகுளம், பீர்மேடு மலைகளில் வாழும் நம் தமிழர் மருத்துவம் நாடி ஒரு முறை கோட்டயத்திற்கு இறங்குவர். மறுமுறை தேனிக்குப் போவர். சித்தூர், கொழிஞ்சாம்பாறை மக்களுக்குப் பாலக்காடும் கோவையும் அப்படியே. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளோ ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில் இருக்கிறது. அதைச் சுருக்கித் தமிழில் சிறு அட்டையாக்கித் தருவோம் என்று நம் மன்றத்தில் பேச்சு எழுந்திருக்கிறது. நல்ல எண்ணந்தான். ஆனால், எதைச் சுருக்குவது என்பதில் எனக்குச் சில கருத்துகள் உண்டு.

மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். முடக்குவாதத்திற்கும் செதில் படைக்கும் தருவது. இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் உண்ண வேண்டும். நாள்தோறும் உண்டால் எலும்பு மச்சை குருதி அணுக்களை ஆக்குவதை நிறுத்திவிடும். வாய் புண்ணாகும், காய்ச்சல் வரும், உயிரே போகலாம். இந்தப் பிழை உலகெங்கும் நேர்ந்தது. அதனாற்றான் ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் இம்மாத்திரைப் பெட்டியுடன் நோயாளி அட்டை ஒன்றும் வைக்க வேண்டும் என்றது. 2020-இல் பிரிட்டனும் அதே வழியில் சென்றது.

நம் எல்லைப்புறத்தில் இப்பிழைக்கு இரு வாயில்கள் திறந்து கிடக்கின்றன. கடைக்காரர் உறைமேல் 1-0-1 என்று எழுதுகிறாரே, அந்தக் கணக்கில் காலை, பகல், இரவு உண்டு. வாரம் என்பதற்கு இடமே இல்லை. மற்றொன்று மொழி. மலையாளத்தில் வாரத்திற்கு ‘ஆழ்ச’ என்பர். ஆனால் திங்களாழ்ச, சொவ்வாழ்ச என்று கேட்டுப் பழகிய தமிழர் காதில் அச்சொல் நம் ‘கிழமை’யாகவே, அதாவது ஒரு நாளாகவே, விழக்கூடும். ‘ஆழ்சயில் ஒருமுறை’ என்பது ‘நாளுக்கு ஒருமுறை’ ஆகிவிட அதிக நேரம் வேண்டாம்!

ஆகவே, அட்டையின் முதல் வரியில் ‘வாரம் ஒருமுறை’ என்று மட்டும் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். நாளின் பெயர் வேண்டும். மருத்துவர் வாரத்திற்கு 15 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறார், கடையில் கிடைத்தது 2.5 மில்லிகிராம் மாத்திரை என்று வைத்துக்கொள்வோம். அட்டை சொல்ல வேண்டியது: ‘செவ்வாய் இரவு மட்டும். 6 மாத்திரை. மற்ற ஆறு நாளும் இம்மாத்திரை வேண்டாம்.’ அதன் கீழே ஏழு கட்டங்கள். செவ்வாய்க் கட்டம் மட்டும் கறுப்பு. எழுத்தறியாப் பாட்டிக்கும் அது விளங்கும். மாத்திரையின் எடையையும் எழுதியாக வேண்டும். அடுத்த முறை 10 மில்லிகிராம் மாத்திரை கொடுத்துவிட்டால், ஆறு என்ற எண் நான்கு மடங்கு மருந்தாகிவிடும். பழைய அட்டையைக் கிழித்துப் புதிது எழுதுவதே முறை.

இத்துடன் ஃபோலிக் அமிலமும் தருவார்கள். இரண்டும் மஞ்சள் மாத்திரைகளாக இருப்பது உண்டு. அதற்கும் மருத்துவர் குறித்த நாளைத் தனிவரியில் எழுத வேண்டும்.

மறந்துவிட்டால்? இரண்டு நாளுக்குள் நினைவு வந்தால் உண்ணலாம். அதற்கு மேல் ஆனால் அந்த வாரத்தை விட்டுவிட வேண்டும் என்பது பொது விதி. ஆனால் ‘இரண்டு நாள்’ என்று எழுதி, நோயாளியைக் கணக்குப் போட வைக்காதீர்கள். ‘புதன், வியாழன் இரவுக்குள் நினைவு வந்தால் உண்க. வெள்ளி ஆகிவிட்டால் விடுக. அடுத்த செவ்வாய் வழக்கம்போல் 6. இரட்டிப்பு வேண்டாம்’ என்று நாளைச் சொல்லியே எழுதுங்கள். தவறி மிகுதியாக உண்டவர் உடல் நன்றாக இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முறிமருந்தாகிய ஃபோலினிக் அமிலத்தை எவ்வளவு விரைவில் தருகிறார்களோ அவ்வளவு நன்று. புண் தோன்றும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

எச்சரிக்கைப் பகுதியில்தான் நண்பர்கள் சிலரோடு எனக்குப் பூசல். தாளில் உள்ள பக்கவிளைவுகள் அனைத்தையும் மொழிபெயர்க்க வேண்டும் என்கிறார்கள். அவ்வளவையும் திணித்தால் அட்டை மீண்டும் எறும்பு எழுத்தாகிவிடும். குமட்டலும் முடி கொட்டுவதும் அடுத்த சந்திப்பில் சொல்லலாம். உடனே ஓட வேண்டியவை இவை: வாய்ப்புண், காய்ச்சல் அல்லது தொண்டைவலி, காரணமின்றிக் கன்றிப்போதல், வறட்டு இருமலோடு மூச்சுத்திணறல். கருவுற்றவர் உண்ணலாகாது என்பதும், மது கூடாது என்பதும், கேட்காமல் வலிமாத்திரையோ கோட்ரைமாக்சசோல் என்னும் கிருமிக்கொல்லியோ வாங்கக்கூடாது என்பதும் இருந்தாக வேண்டும். குருதிச் சோதனைக்குரிய தேதிக்கு ஒரு வரி விடுக. மற்றவை தாளிலேயே இருக்கட்டும். தாளை எறியாதீர் என்றும் எழுதுக.

1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மைப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத நம்மவருக்கு இடம் தந்தது. மாத்திரைப் பெட்டி அலுவலகம் அல்லவே! ஆகையால் இவ்வேலை நம் கைக்கு வருகிறது. ஆயினும் அளவையும் நாளையும் நாம் நிரப்பலாகாது. வெற்று அட்டையை நாம் அச்சிடுவோம். மருந்தாளுநர் சீட்டைப் பார்த்து நிரப்பிக் கையொப்பமிடட்டும். நோயாளி அதைப் பார்த்து, ‘எந்த நாள், எத்தனை?’ என்பதைத் தம் வாயால் சொன்ன பிறகே அட்டை கைமாற வேண்டும்.