விவாதக் குறிப்பில் விடுபடும் கேள்விகள்

மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவக் கல்விப் பிரிவுகளுக்கு,

எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கான அறநெறி வகுப்புகள் 2019 முதல் பாடத்திட்டத்தில் உள்ளன. அவற்றுக்கான விவாதக் குறிப்பை எப்படி எழுதலாம் என்பதற்கு ஒரு கற்பனை நிகழ்வை முன்வைக்கிறோம்.

காசநோய் சிகிச்சைக்கு வந்த 34 வயதுக்காரருக்கு நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. உறுதியாகிறது. “வீட்ல தெரிஞ்சா பொழப்பு போயிடும் சார், அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க” என்கிறார். இதற்குக் கீழே ‘ரகசியம் காப்பதா, மனைவியைக் காப்பதா?’ என்று மட்டும் கேட்டால், வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து பட்டிமன்றம் நடத்திவிட்டுக் கலைந்துவிடும்.

குறிப்பின் முதல் பகுதியில் தெரிந்த தகவல்களோடு, கேட்டறிய வேண்டியவற்றையும் எழுதச் சொல்லுங்கள். மனைவி பரிசோதனை செய்துகொண்டாரா? கர்ப்பமாக இருக்கிறாரா? ஆணுறை பயன்படுத்துகிறார்களா? கணவர் பயப்படுவது எதற்கு?

அடுத்தது மதிப்புகள். மருத்துவரை நம்பிச் சொன்னது வெளியே போகக் கூடாது என்பது கணவரின் உரிமை. தன் உடலுக்கு வரக்கூடிய ஆபத்தை அறிவது மனைவியின் உரிமை. ரகசியம் நிற்காது என்று தெரிந்தால் நாளை பரிசோதனைக்கே ஆள் வராது. அது ஊரின் நலன்.

வழிகள் இரண்டு மட்டுமல்ல. மௌனமாக இருப்பதற்கும் மனைவியை உடனே அழைத்துச் சொல்வதற்கும் நடுவே ஒரு வழி உண்டு. கூட்டு மருந்தை விரைவில் தொடங்கி, ஆணுறை தந்து, தம்பதியாக வரச் சொல்லி, ஒரு கெடு வைத்து ஆலோசனை தொடர்வது அது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், 9ஆம் பிரிவு, துணையிடம் சொல்வதற்கு வரிசை வகுத்திருக்கிறது. துணைக்குத் தொற்றும் ஆபத்து கணிசமாக இருக்க வேண்டும். நோயாளியையே சொல்லும்படி ஆலோசனை தந்திருக்க வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்று தெளிய வேண்டும். ‘நான் சொல்லப்போகிறேன்’ என்று அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அதன்பிறகு, துணைக்கும் ஆலோசனை தந்து, நேரில்தான் சொல்ல வேண்டும்.

அப்போதும் சட்டம் ‘சொல்லலாம்’ என்கிறதே தவிர, ‘சொல்லியாக வேண்டும்’ என்று கட்டாயப்படுத்தவில்லை. எவ்வளவு காலம் பொறுப்பது என்பதை மாணவர்தான் காரணத்தோடு எழுத வேண்டும். மனைவி கர்ப்பிணி என்றால் கெடு சுருங்கும்; அவருக்குத் தொற்று இருந்து, சிகிச்சை தாமதமானால் குழந்தைக்கும் பரவலாம்.

கடைசியாக ஒரு தகவலை மட்டும் மாற்றிக் கொடுங்கள். தொற்று மனைவிக்கு, கணவர் குடித்துவிட்டு அடிப்பவர். வன்முறைக்கோ கைவிடப்படுவதற்கோ நியாயமான அச்சம் இருக்கும்போது, தொற்றுள்ள பெண்ணின் துணைக்குச் சொல்லக் கூடாது என்கிறது அதே பிரிவு. மதிப்புகள் அவைதாம், முடிவு மட்டும் திரும்பிவிடுகிறது.

ஆகவே, எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கு மதிப்பெண் தராதீர்கள். எந்தத் தகவல் மாறினால் தன் முடிவும் மாறும் என்று மாணவர் எழுதியிருக்கிறாரா என்று பார்த்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு